ஒரு சுருளா, இரு சுருளா?

மின்கிட்டாரை ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, தந்தியைத் தொடாமல் ஒலியளவை மட்டும் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சல் தெரியும். ‘ம்ம்ம்…’ என்று அடிக்குரலில் ஓயாமல் உறுமும். கிட்டாரோடு சற்றுத் திரும்பி நின்றால் குறையும். இன்னொரு பக்கம் திரும்பினால் கூடும். மேடைக்கு அருகே மின்மாற்றியோ குழல்விளக்கோ இருந்தால் இன்னும் மோசம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மின்கிட்டார் வாசித்த எல்லோருக்கும் இது அன்றாடத் தலைவலி.

அந்த இரைச்சலை ஒழிப்பதற்காகத்தான் மிச்சிகன் மாநிலத்தின் கலமாசூ நகரில் இருந்த கிப்சன் ஆலையில் சேத் லவர் என்ற பொறியாளர் 1955இல் புதுவகைப் பிக்கப் ஒன்றை வடிவமைத்தார். இசையின் தொனியை மாற்றுவது அவர் நோக்கமல்ல. ஆனால் இரைச்சலோடு சேர்ந்து தொனியும் மாறிப்போனது. ராக் இசையில் இன்றுவரை தொடரும் பெரிய பிரிவினை அங்கே தொடங்கியது. ஒரு பக்கம் சிங்கிள் காயில், மறுபக்கம் ஹம்பக்கர்.

சுருளுக்குள் நடப்பது

பிக்கப் என்பது தந்திகளுக்குக் கீழே பதிந்திருக்கும் சிறு கருவி. காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியால் ஆன சுருள், இவ்வளவுதான். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் உள்ள பிக்கப்பை எடுத்துக்கொண்டால், தந்திக்கு ஒன்றாக ஆறு காந்தக் குச்சிகள் நிற்கும். அவற்றைச் சுற்றிச் செம்புக் கம்பி ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று ஓடும். மேலே இருக்கும் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்த நுண்ணிய மின்சாரத்தை ஆம்ப் பெரிதாக்கினால் அதுவே நாம் கேட்கும் ஒலி. ஒரே சுருள் என்பதால் இது சிங்கிள் காயில்.

எட்டாயிரம் சுற்றுக் கம்பி நல்ல ஆண்டெனாவும்கூட. சுவரில் ஓடும் மின்கம்பிகள், மின்மாற்றிகள், விளக்குகள் எல்லாம் தங்களைச் சுற்றி மாறுதிசைக் காந்தப்புலத்தை எழுப்புகின்றன. நம் ஊரில் அதன் வேகம் நொடிக்கு 50 தடவை, அமெரிக்காவில் 60. சுருள் தந்தியின் அதிர்வை வாங்குவதுபோலவே இதையும் வாங்கி ஆம்புக்கு அனுப்பிவிடும். அதுதான் அந்த உறுமல்.

சேத் லவர் ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். ஒவ்வொன்றிலும் சுமார் ஐயாயிரம் சுற்று. அடியில் ஒரே பட்டைக் காந்தம். அதன் வடதுருவம் ஒரு சுருளின் இரும்பு முளைகளோடும் தென்துருவம் மற்றொரு சுருளின் முளைகளோடும் ஒட்டியிருக்கும். இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கயிறிழுக்கும் போட்டியாக நினைத்துப் பார்க்கலாம். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களையும் ஒரே அளவில் தாக்குகிறது. இணைப்பு எதிரெதிராக இருப்பதால் இரண்டும் எதிர்ப்பக்கங்களில் சம பலத்தோடு இழுக்கின்றன, கயிறு நகர்வதில்லை. தந்தியிலிருந்து வரும் ஒலிக்கோ காந்தத் துருவமும் தலைகீழ், இணைப்பும் தலைகீழ். இரண்டு தலைகீழ்கள் சேர்ந்து நேராகிவிடுவதால் இரு அணியும் ஒரே பக்கம் இழுக்கின்றன. இரைச்சல் அடங்குகிறது, இசை கூடுகிறது.

காப்புரிமைக்கு 1955 ஜூனில் விண்ணப்பித்தார்கள். 1959 ஜூலையில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளான பி.ஏ.எஃப். என்பதே அந்தப் பிக்கப்பின் பெயராக நிலைத்துவிட்டது. 1957இல் லெஸ் பால் கிட்டார்களில் அது ஏறியது.

தொனி ஏன் மாறியது?

சிங்கிள் காயிலைக் கேட்டால் தந்தி மீட்டப்படும் அந்தக் கணம், பிளெக்ட்ரம் தந்தியில் உரசும் ‘டிக்’ ஒலி உட்பட, கூர்மையாகக் காதில் விழும். ஒரு கார்டில் உள்ள ஆறு சுரங்களையும் தனித்தனியே எண்ணிவிடலாம். ஹம்பக்கரில் அந்த விளிம்பு மழுங்கி, நடுப்பகுதி தடித்து, ஒலி உருண்டு வரும். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒவ்வொரு பிக்கப்புக்கும் தான் தூக்கிக் காட்டும் ஓர் அதிர்வெண் பகுதி இருக்கிறது. அந்த முகட்டுக்கு மேலே உள்ள ஒலிகள் வேகமாகத் தேய்ந்துவிடும். முகடு எங்கே விழும் என்பதைச் சுருளின் மின்தூண்டலும், கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் மின்தூண்டல் சுமார் 2.4 ஹென்றி என்றும், பழைய பாணி ஹம்பக்கருக்குச் சுமார் 4.4 ஹென்றி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே ஐந்து மீட்டர் கேபிளைச் செருகினால், சிங்கிள் காயிலின் முகடு ஏறக்குறைய 4,200 ஹெர்ட்ஸில் விழும். அது பியானோவின் கடைசி வலப்பக்கக் கட்டையின் சுருதி. ஹம்பக்கரின் முகடு 3,100 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மினுமினுப்பு, கணீர் என்றெல்லாம் நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதில் கவனிக்கத் தக்க விளைவு ஒன்று உண்டு. அதே சிங்கிள் காயிலுக்குப் பத்து மீட்டர் கேபிளை மாட்டினால் மின்தேக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகி, அதன் முகடும் 3,100 ஹெர்ட்ஸ் பக்கமே வந்து நிற்கும். ‘புதுப் பிக்கப் மந்தமாக இருக்கிறது’ என்று புலம்புகிறவர்கள் முதலில் கேபிளின் நீளத்தைப் பார்ப்பது நல்லது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையில் நீளமான சுருள் கேபிள் பயன்படுத்தியவர். அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் காதைக் குத்தாமல் ஒலித்ததில் அதற்கும் பங்குண்டு.

இரண்டாவது காரணம், கேட்கும் இடம். சிங்கிள் காயில் தந்தியை ஒரே புள்ளியில் கவனிக்கிறது. ஹம்பக்கரோ ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளில் கவனித்து, இரண்டையும் கூட்டித் தருகிறது. தந்தியின் மேலே ஓடும் மிக நுண்ணிய அலைகளில், ஒரு புள்ளியில் மேடும் மற்றதில் பள்ளமும் வரும்படி அமைந்தவை, கூட்டும்போது காணாமல் போகும். கீழ் ஈ தந்தியில் இது 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் நிகழ்வதால் காதுக்குத் தெரியும். மேல் ஈ தந்தியில் 11,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் நிகழும். அவ்வளவு உயரத்தில் பிக்கப்பே எதையும் பெரிதாகத் தருவதில்லை. ஹம்பக்கரின் தடிமன் கீழ்த்தந்திகளில் அதிகமாக உணரப்படுவதற்கு இதுவும் காரணம்.

மூன்றாவது, வலு. இரண்டு சுருள்களின் மின்சாரமும் தொடராகக் கூடுவதால் ஹம்பக்கர் ஆம்புக்குள் அனுப்பும் சமிக்ஞை பெரிது. ராக் இசையின் கதையை மாற்றியது இந்த மூன்றாவது காரணம்தான்.

ஆம்ப் திணறும்போது

அந்தக் கால ஆம்ப்கள் வால்வுகளால் ஆனவை. வால்வுக்குள் அதன் கொள்ளளவைத் தாண்டிய சமிக்ஞை போனால் அலையின் மேல்முனையும் கீழ்முனையும் தட்டையாக வெட்டுப்படும். அந்த வெட்டில் தந்தியில் இல்லாத புதுப்புது மேல்சுரங்கள் பிறக்கும். அதைத்தான் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் என்கிறார்கள். பொறியாளர்களுக்குக் குறை, ராக் கலைஞர்களுக்கு உயிர்.

1966 வசந்தத்தில் லண்டன் டெக்கா ஸ்டுடியோவில் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் ஒரு புளூஸ் ஆல்பம் பதிவுசெய்தார். கையில் ஹம்பக்கர் பொருத்திய லெஸ் பால், எதிரே மார்ஷல் ஆம்ப். மேடையில் வாசிக்கும் அதே சத்தத்தில்தான் வாசிப்பேன் என்று அவர் உறுதியாக நின்றார். ஹம்பக்கரின் வலுவான சமிக்ஞை மார்ஷலை எளிதில் திணறவைத்தது. கூர்முனை ஏற்கெனவே மழுங்கியிருந்ததால் அந்தத் திணறல் கரகரக்காமல் வயலின்போல் நீண்டு பாடியது. அந்த வகை லெஸ் பாலின் உற்பத்தியைக் கிப்சன் அறுபதுகளின் தொடக்கத்திலேயே நிறுத்தியிருந்தது. ஆல்பம் வந்தபின் பழைய லெஸ் பால்களைத் தேடி இசைக்கலைஞர்கள் அலைந்தார்கள்; 1968இல் கிப்சன் அதை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது.

அதே கிளாப்டன் 1970இல் ‘லைலா’ ஆல்பத்துக்கு ‘பிரவுனி’ என்ற ஸ்ட்ராட்டோகாஸ்டரை எடுத்துக்கொண்டார். இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே மனிதரின் விரல்கள் இரு பிக்கப்களில் எப்படி வேறுபடுகின்றன என்பது துல்லியமாகத் தெரியும். முன்னதில் ஒவ்வொரு சுரமும் அடுத்ததோடு ஒட்டிக்கொண்டு ஓடும். பின்னதில் சுரங்களுக்கிடையே காற்று இருக்கும்.

யாருக்கு எது?

இப்போது ராக்கின் கிளைகளைப் பார்த்தால் தேர்வுகள் தாமாகவே விளங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் எழுந்த சர்ஃப் இசைக்கு டிக் டேல் பயன்படுத்தியது ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒரே தந்தியை அசுர வேகத்தில் மேலும் கீழும் மீட்டும் பாணி அது. ஒவ்வொரு மீட்டலுக்கும் கூரிய தொடக்கம் இருந்தால்தான், ரிவெர்ப் வெள்ளத்துக்கு நடுவிலும் சுரம் தனித்துக் கேட்கும். ஃபோக் ராக்கில் ரோஜர் மெக்குயினின் பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர், ஃபங்க் இசையில் நைல் ராட்ஜர்ஸின் வெட்டு வெட்டான ரிதம், கன்ட்ரி ராக்கின் டெலிகாஸ்டர், எண்பதுகளின் இண்டி குழுக்கள் எல்லாம் சிங்கிள் காயில் பக்கம் சாய்ந்ததும் இதே தேவையால்தான். ஆம்பை அதிகம் திணறவிடாமல் கார்டின் உள்விவரத்தைக் காட்ட வேண்டிய இசை இவை. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாப்ஃப்ளர் 1978இல் வந்த ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாடலில் பிரிட்ஜ் பிக்கப்பையும் நடுப் பிக்கப்பையும் ஒன்றாகத் திறந்து, பிளெக்ட்ரம் இல்லாமல் விரல் நுனிகளால் வாசித்தார். அந்த இணைப்பில் கிடைக்கும் சற்றுக் குழிந்த, கண்ணாடித்தன்மையான ஒலி ஹம்பக்கரில் வராது.

ஹார்டு ராக்குக்கும் மெட்டலுக்கும் தேவை வேறு. அங்கே ஆம்பின் கெயின் மிக உயரம். சமிக்ஞையைப் பெரிதாக்கும்போது இரைச்சலும் அதே மடங்கில் பெரிதாகும். மெட்டலில் வலக்கையால் தந்தியை அமுக்கி ‘ஜக் ஜக்’ என்று அடித்துச் சட்டென நிறுத்துவார்கள். அந்த இடைவெளி மயான அமைதியாக இருந்தால்தான் தாளம் உறைக்கும். சிங்கிள் காயிலில் அந்த இடைவெளியை உறுமல் வந்து நிரப்பிவிடும்.

இன்னொரு காரணம் கார்டுகள். டிஸ்டார்ஷனில் இரண்டு சுரங்கள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலாகவும் கழித்தலாகவும் புதுச் சுரங்கள் முளைக்கும். கீழ் ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ஐந்தாம் சுரமான பி 123 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 41. அது அதே ஈயின் ஓர் ஆக்டேவ் கீழே உள்ள சுரம்! இந்த இரு சுரங்களை மட்டும் அடிக்கும் பவர் கார்டு யானைபோல் கனப்பது இதனால்தான். ஆனால் உள்ளே போகும் ஒலியில் மேல்சுரங்கள் அதிகமாக இருந்தால், அவையும் ஒன்றோடொன்று கூடிக் கழிந்து கரகரப்பாகிவிடும். ஹம்பக்கர் மேல்பகுதியை முன்கூட்டியே மட்டுப்படுத்தி அனுப்புவதால் கனம் தங்குகிறது, குப்பை குறைகிறது. ஏ.சி./டி.சி. குழுவின் ஆங்கஸ் யங் கையில் இருக்கும் எஸ்.ஜி., கன்ஸ் அண்ட் ரோஸஸின் ஸ்லாஷ் வாசிக்கும் லெஸ் பால் வடிவக் கிட்டார், மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு பயன்படுத்திய பேட்டரியில் இயங்கும் ஈ.எம்.ஜி. பிக்கப்கள் எல்லாமே ஹம்பக்கர்கள்தான்.

ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வரலாறு விடாது. மெட்டலின் பிறப்பிடம் என்று கொண்டாடப்படும் பிளாக் சப்பத்தின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் லண்டனில் பதிவானது. டோனி அயோமி ஸ்ட்ராட்டோகாஸ்டரோடுதான் தொடங்கினார். நடுவில் அதன் பிக்கப் பழுதாகிவிட, கூடுதலாக எடுத்துவந்திருந்த எஸ்.ஜி.யை எடுத்தார். அதில் இருந்ததும் ஹம்பக்கர் அல்ல. பி-90 என்ற, அகலமான, சுமார் பத்தாயிரம் சுற்றுக் கொண்ட சிங்கிள் காயில் வகை. சுற்று கூடியதால் வலுவும் நடுப்பகுதியும் ஹம்பக்கரை நெருங்கும். இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்திலும் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் டெலிகாஸ்டர்தான் வாசித்தார். அவரை லெஸ் பாலோடு சேர்த்தே நினைப்பவர்கள் வியக்கும் செய்தி, ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ பாடலின் புகழ்பெற்ற சோலோவும் டெலிகாஸ்டரில் வாசித்ததே. ஹெண்ட்ரிக்ஸோ ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஃபஸ் பெடலிலும் மார்ஷலிலும் செலுத்தினார். கிட்டாரின் வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பினால் அதே இணைப்பு உடனே சுத்தமான ஒலிக்குத் திரும்பிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தையே அவர் இசையாக்கினார்.

பாதி அது, பாதி இது

இரண்டையும் ஒரே கிட்டாரில் சேர்க்க முயன்றவர்களில் எடி வான் ஹேலனின் முயற்சி விரிவாகப் பார்க்க வேண்டியது. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஆடும் பிரிட்ஜ் அவருக்குப் பிடித்திருந்தது. அதன் ஒலி மெலிந்திருப்பதாகப் பட்டது. கிப்சனின் ஒலி பிடித்திருந்தது. அதில் அந்தப் பிரிட்ஜ் இல்லை. எழுபதுகளின் நடுவில் 50 டாலருக்கு ஓர் உடலையும் 80 டாலருக்கு ஒரு கழுத்தையும் வாங்கினார். தன்னுடைய கிப்சன் ஈ.எஸ்.-335 கிட்டாரிலிருந்து ஒரு பி.ஏ.எஃப். ஹம்பக்கரைப் பிடுங்கி, பிரிட்ஜ் அருகே மரத்தைக் குடைந்து பொருத்தினார்.

உடனே ஒரு சிக்கல். கிப்சனில் தந்திகளின் இடைவெளி சற்றுக் குறுகல். ஃபெண்டர் பாணிப் பிரிட்ஜில் அகலம். பிக்கப்பின் முளைகள் தந்திகளுக்கு நேராக நிற்கவில்லை. அவர் பிக்கப்பைச் சாய்வாக வைத்துச் சமாளித்தார். அடுத்த சிக்கல் இன்னும் பெரிது. ஒலியளவைக் கூட்டினால் பிக்கப் ‘கீ’ என்று வீறிட்டது. தந்தியின் ஃபீட்பேக் என்றால் அது இசைச் சுரமாக வரும், தந்தியைக் கையால் அமுக்கினால் நின்றுவிடும். தந்தியை அமுக்கியும் நிற்காத வீறல் என்றால், சுருளின் தளர்ந்த சுற்றுகளே அதிர்கின்றன என்று அர்த்தம். அவர் பாரஃபின் மெழுகை உருக்கிப் பிக்கப்பை அதில் முக்கினார். மெழுகு இடுக்குகளில் புகுந்து இறுகிச் சுற்றுகளைக் கட்டிப்போட்டது. சூடு மிஞ்சினால் சுருளைத் தாங்கும் பிளாஸ்டிக் உருகிவிடும். சில பிக்கப்களை அப்படி இழந்தபிறகே அவருக்குக் கை பழகியது. 1978இல் வந்த வான் ஹேலன் குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலிப்பது இந்தக் கிட்டார்தான். எண்பதுகளில் கிட்டார் நிறுவனங்கள் பலவும் அதே பாதையில் இறங்கின. பிரிட்ஜ் அருகே ஹம்பக்கர், நடுவிலும் கழுத்தருகிலும் சிங்கிள் காயில் என்ற அமைப்பு இன்று ஆரம்பநிலைக் கிட்டார்களில்கூடச் சாதாரணம்.

ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் அணைக்கும் வசதியும் பல கிட்டார்களில் உண்டு. அதை அழுத்தினால் சிங்கிள் காயில் கிடைத்துவிடும் என்பது பாதி உண்மை. மிஞ்சுவது ஐயாயிரம் சுற்றுள்ள ஒரு சுருளும், அடியில் பட்டைக் காந்தமும். எட்டாயிரம் சுற்றும் குச்சிக் காந்தங்களும் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப்பின் நிறைவு அதில் இருக்காது. ஒலி சட்டென மெலியும். இரைச்சலும் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் எதிர்த்து இழுக்க மற்ற சுருள் இல்லை. மறுபக்கம், இன்றைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றில் நடுப் பிக்கப் மட்டும் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தத் துருவமும் மாற்றப்பட்டிருக்கும். ஐந்து நிலைச் சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரு பிக்கப்கள் சேர்ந்து ஒலிக்கும்போது சேத் லவரின் அதே தந்திரம் அங்கே வேலை செய்கிறது. பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் இது கிடையாது.

முதல் கிட்டார் வாங்கக் கடைக்குப் போகிறவர் இவற்றை ஐந்து நிமிடத்தில் சோதித்துக்கொள்ளலாம். முதலில் ஆம்பைச் சுத்தமான ஒலியில் வைத்து ஒரு முழு கார்டை மெல்ல மீட்டி, ஆறு சுரங்களும் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு கெயினைக் கூட்டி, கீழிரு தந்திகளில் பவர் கார்டை அமுக்கி அடித்து நிறுத்தி, இடைவெளியில் எவ்வளவு உறுமல் வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் முதல் வகை வாசிப்புதான் தனக்கு என்றால் சிங்கிள் காயில்; இரண்டாவதுதான் என்றால் ஹம்பக்கர். இன்னும் முடிவாகவில்லை என்றால் பிரிட்ஜில் ஹம்பக்கர் வைத்த கலப்பு வகையே வசதி. எதை வாங்கினாலும் ஐந்து மீட்டருக்கு மேற்படாத நல்ல கேபிளையும் சேர்த்து வாங்கிவிடலாம்.